இரும்புத் தாளிப்புக் கரண்டி: அடுப்பை எப்போது அணைப்பது?

பல வருஷமாகத் தாளிப்புக்கென்றே ஒரு சின்ன இரும்புக் கரண்டி வைத்திருக்கிறேன். தினமும் புழங்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கடுகு கசப்பதும் கறிவேப்பிலை கருகுவதும் பெரும்பாலும் அடுப்பை அணைக்கும் நேரத்தைப் பொறுத்தது.

என் அளவு இரண்டு டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, ஒரு இணுக்கு கறிவேப்பிலை. எண்ணெயில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. கடுகு முழுகாவிட்டால் கரண்டியில் ஒட்டியது கருகும், மற்றது வெடிக்காது.

மிதமான தீயில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் இரண்டே கடுகைப் போட்டுப் பார்ப்பேன். அடியில் சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. சுற்றிலும் குமிழ் கிளம்பி இரண்டொரு நொடியில் வெடித்தால் சரியான சூடு. எண்ணெய் புகைந்தால் கரண்டியை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் தோலை உடைக்கிறது. எண்ணெய் மிஞ்சிக் காய்ந்திருந்தால் வெடித்த கையோடு கருகிப்போகும். சூடு போதாமல் வெடிக்காமலே நின்ற கடுகும் கடிபட்டால் கசக்கத்தான் செய்யும்.

அப்புறம் காதுதான் வேலை செய்ய வேண்டும். முதலில் ஒன்றிரண்டாக வெடிக்கும், பிறகு படபடவென்று பொரியும், அதன்பின் இடைவெளி விழும். அந்த இடைவெளி கேட்டதும் அணைத்துவிடுவேன். முழுக்க அடங்கட்டும் என்று நின்றால் முதலில் வெடித்தவை அதற்குள் கறுத்துவிடும். நன்றாகப் பொரிந்த கடுகு சாம்பல் நிறத்தில் இருக்கும். மிச்சம் இருப்பதை இரும்பின் சூடே பொரித்துவிடும்.

கறிவேப்பிலையை அணைத்த பிறகுதான் போடுகிறேன். கழுவி, துணியில் ஒற்றி, இலையாக உருவி வைத்திருப்பேன். இலையில் ஒட்டிய நீர்த்துளி எண்ணெய்க்கு அடியில் இறங்கிச் சட்டென்று ஆவியாகும்போதுதான் எண்ணெய் மேலே தெறிக்கிறது. துடைத்தாலும் இலைக்குள் ஈரம் இருக்கும், அதனால் சில நொடி சடசடக்கத்தான் செய்யும். போட்டதும் ஒரு தட்டைச் சாய்வாகப் பிடித்துக்கொள்வேன். இறுக மூடினால் தட்டில் கோத்த நீர் திரும்ப எண்ணெயில் சொட்டும். சடசடப்பு ஓய்ந்தால் ஈரம் போய்விட்டது, இலை மொறுமொறுவென்று பச்சையாகவே இருக்கும். உடனே கொட்டிவிட வேண்டும். இரும்பு சீக்கிரம் ஆறாது, கரண்டியிலேயே விட்டால் இலை பழுப்பாகிக் கசந்துவிடும்.

மெல்லிய எவர்சில்வர் கரண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. அணைத்த உடனே சூடு இறங்கிவிடுவதால் இலை துவண்டு போகும். அதில் தாளிக்கும்போது தீயைச் சிறுசாக்கி, இலையைப் போட்ட பிறகு அணைக்கிறேன்.