12 வோல்ட்டா, 48 வோல்ட்டா? நின்ற இன்ஜினை மீண்டும் எழுப்பும் மூன்று வழிகள்

கார் சிக்னலில் நின்றதும் இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்ததும் அல்லது பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மீண்டும் இயக்கும் வேலையை இன்று மூன்று விதமான அமைப்புகள் செய்கின்றன. முதலாவது, வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரையே அதிக முறை இயங்கும்படி வலுவாக்கிய அமைப்பு. இரண்டாவது, ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் அமர்ந்து, பெல்ட் வழியாக இன்ஜினைச் சுழற்றவும் அதனால் சுழற்றப்பட்டு மின்சாரம் தரவும் கூடிய 12 வோல்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர். மூன்றாவது, அதே இடத்தில் அதே பெல்ட்டோடு 48 வோல்ட்டில் இயங்கும் அதன் அண்ணன். பின்னிரண்டையும் மைல்டு ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் விற்பதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டை எந்த வேகம் வரை முழு வலிமையோடு சுழற்ற முடியும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அவை எவ்வளவு வேறானவை என்பது தெரியும்.

வலுவாக்கிய ஸ்டார்ட்டர் மோட்டாரில், ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய பினியன் பல்சக்கரம் முன்னே நகர்ந்து ஃப்ளைவீலின் பற்களோடு பொருந்த வேண்டும். மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு 200 முதல் 250 சுற்று வரைதான் கொண்டுபோகும். அங்கிருந்து ஐட்லிங் வேகம் வரை ஏற்றுவது, முதல் சில எரிப்புகளின் வேலை. வேகம் குறைவாக இருக்கும்போது நிகழும் அந்த எரிப்புகள் தனித்தனி உதைகளாகவே உணரப்படும். இன்ஜின் மவுண்டுகள் அதிகமாக ஆடும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் ஐட்லிங்குக்குக் கீழே உள்ள அந்த வேகங்களிலேயே அமைந்திருப்பதால், உதையும் அதிர்வும் ஒன்றுசேர்ந்து ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் ஒரு குலுக்கலாக வந்து சேருகின்றன. இன்னொரு குறையும் உண்டு. இன்ஜின் அணைந்துகொண்டிருக்கும்போதே விளக்கு பச்சையாகிவிட்டால், சாதாரண பினியனால் சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலில் பொருந்த முடியாது. அது நிற்கும் வரை காத்திருக்க நேரும். சுழலும்போதே பொருந்தக்கூடிய ஸ்டார்ட்டர்களும் உருவாக்கப்பட்டுள்ளன, ஆனால் அவற்றின் அமைப்பு கூடுதல் சிக்கலானது.

பெல்ட் அமைப்பில் பற்கள் பொருந்தும் கட்டமே இல்லை. பெல்ட் எப்போதும் இணைந்தே இருப்பதால், இன்ஜின் 300 சுற்றில் இறங்கிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே அதைத் திரும்ப மேலே தூக்கிவிடலாம். அணைக்கும்போதும் இதற்கு ஒரு பங்கு உண்டு: ஜெனரேட்டராக மாறி கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து இழுத்து, குலுங்கும் வேகப் பகுதியை விரைவாகக் கடக்கச் செய்யலாம். பற்களின் கரகர ஒலி மறைவது மட்டுமே போதும் என்பவர்களுக்கு 12 வோல்ட் அமைப்பே நிறைவு தரும்.

இனி கணக்குக்கு வருவோம். சுசுகியின் கார்களில் வந்த 12 வோல்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் இயந்திரம் ஒன்றின் உச்சத்திறன் 2.3 கிலோவாட், முறுக்குவிசை 50 நியூட்டன் மீட்டர். அதே நிறுவனத்தின் 48 வோல்ட் இயந்திரத்துக்கு 10 கிலோவாட், 53 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையில் வித்தியாசம் அநேகமாக இல்லை. புல்லிகளின் விகிதம் 2.4 என்று எடுத்துக்கொண்டால், இரண்டுமே கிராங்க் ஷாஃப்டில் ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர் தரும். ஆனால் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே 2.3 கிலோவாட் இயந்திரம் அந்த 120 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சுற்று வரைதான் தாங்கும். 600 சுற்றில் அதனிடம் மிஞ்சுவது 37 நியூட்டன் மீட்டர்தான். 10 கிலோவாட் இயந்திரமோ ஏறத்தாழ 800 சுற்று வரை முழு முறுக்குவிசையையும் விடாமல் தருகிறது. அதாவது, இன்ஜினை ஐட்லிங் வேகத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதன்பிறகு எரிபொருளைப் பீய்ச்சத் தொடங்க முடியும். முதல் எரிப்பு நிகழும்போது இன்ஜின் ஏற்கெனவே சீராகச் சுழன்றுகொண்டிருப்பதால், குலுக்கலுக்கு இடமே ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

இவ்வளவு திறனை 12 வோல்ட்டிலேயே எடுத்தால் என்ன என்று கேட்கலாம். இழப்புகளைச் சேர்க்காமலே 10 கிலோவாட்டுக்கு 830 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். 48 வோல்ட்டில் அதே திறனுக்கு ஏறத்தாழ 210 ஆம்பியர் போதும். இது 12 வோல்ட் இயந்திரம் தன் 2.3 கிலோவாட்டுக்கு எடுக்கும் மின்னோட்டத்துக்கு நெருக்கமானது.

ஓடும்போது கிடைக்கும் உதவியிலும் இதே கணக்குதான் பேசுகிறது. 1,500 சுற்றில் 48 வோல்ட் இயந்திரத்தால் கிராங்க் ஷாஃப்டில் 60 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் சேர்க்க முடியும். டர்போ விழித்துக்கொள்ளும் முன்பான அந்த வெற்றிடத்தை நிரப்ப இது போதும். 12 வோல்ட் இயந்திரம் அங்கே 15 நியூட்டன் மீட்டர்தான் தரும். அதை வேகமெடுக்கும் உதவி என்று சொல்வதைவிட, இன்ஜினின் சுமையைக் கொஞ்சம் குறைத்து எரிபொருளைச் சேமிக்கும் உதவி என்பதே பொருத்தம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் எல்லை இருக்கிறது. இயந்திரம் கிராங்க் ஷாஃப்டோடு கட்டப்பட்டிருப்பதால், பிரேக் பிடிக்கும்போது மீட்கப்படும் ஆற்றலில் ஒரு பகுதியை இன்ஜினின் உராய்வு முதலில் எடுத்துக்கொள்ளும். மின்சாரத்தால் மட்டும் காரை ஓட்டுவதும் இயல்பாக நடக்காது.

பெல்ட்டுக்குத்தான் இதில் மிகக் கடினமான வேலை. ஆல்டர்னேட்டரை இன்ஜின் மட்டுமே சுழற்றிய காலத்தில், பெல்ட்டின் ஒரு பக்கம் எப்போதும் இறுக்கமாகவும் மறுபக்கம் எப்போதும் தளர்வாகவும் இருந்தது. தளர்ந்த பக்கத்தில், பெல்ட்டை அழுத்தி இறுக்கமாக வைக்கும் ஒரு டென்ஷனரை வைத்தால் போதுமானதாக இருந்தது. இப்போது இயந்திரம் இன்ஜினைச் சுழற்றும் கணத்தில் இறுக்கமும் தளர்வும் இடம் மாறுகின்றன. பழைய டென்ஷனர் அந்த இழுப்பில் பின்வாங்கும், மறுபக்கம் தொய்ந்துபோகும், பெல்ட் வழுக்கும். அதனால்தான் ஊசல்போல அசைந்து இரு பக்கங்களையும் ஒருசேரப் பிடிக்கும் இரட்டைக் கை டென்ஷனர் பொருத்தப்படுகிறது. இது தேய்ந்தால் அறிகுறி தெளிவாகவே தெரியும்: சிக்னலிலிருந்து இன்ஜின் மீண்டும் கிளம்பும் கணத்தில் மட்டும் சிறு கீச்சொலி, புல்லியைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் தூள், ஐட்லிங்கில் டென்ஷனரின் கை வழக்கத்தைவிட அதிகமாகத் துடிப்பது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனரைப் பழையபடியே விட்டால், ஒலி சில மாதங்களில் திரும்பிவிடும். ஆல்டர்னேட்டர் பெல்ட் என்ற நினைப்பில் சாதாரண பெல்ட்டைப் பொருத்துவதும் தவறு; இருபக்க இழுப்பைத் தாங்கும் வகையில் உருவாக்கப்பட்டதையே வாங்க வேண்டும்.

கடுங்குளிரில் இன்ஜின் எண்ணெய் தடித்துவிடுவதால், சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை கூடுகிறது. குளிர்ந்தோ நனைந்தோ இருக்கும் பெல்ட்டின் பிடிப்பும் குறைகிறது. இதனால்தான் பெல்ட் அமைப்புள்ள பல கார்களில் பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரும் கூடவே இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பும்போது கேட்கும் பற்களின் ஒலி அதனுடையது, கோளாறு அல்ல. பகலில் சிக்னலில் நின்று கிளம்பும்போதும் அந்த ஒலி கேட்கத் தொடங்கினால்தான் கவனிக்க வேண்டும்: பேட்டரியின் நிலையோ பெல்ட்டின் பிடிப்போ போதவில்லை என்று கருதி, கட்டுப்பாட்டு அமைப்பு ஸ்டார்ட்டருக்கு மாறியிருக்கலாம். அப்போது பெல்ட்டையும் டென்ஷனரையும் பார்க்கும் முன் பேட்டரியைச் சோதிப்பதே வேகமான வழி.