வாரண்டி அட்டை: மேலே சுருக்கம் போடுவதா, விதியையே உடைப்பதா?

பாம்பன் பக்கம் நாட்டுப்படகுகளுக்கு அவுட்போர்ட் மோட்டார் விற்கும் ஒரு கடைக்கு வாரண்டி அட்டை எழுதிக் கொடுத்தேன். கடையே தன் பொறுப்பில் தரும் வாரண்டி என்பதால் வாசகத்தை மாற்ற முடிந்தது. நீண்ட விதியை அப்படியே விட்டுவிட்டு மேலே நாலு வரிச் சுருக்கம் போடுவது ஒரு வழி. விதியையே சின்ன வாக்கியங்களாக உடைப்பது இன்னொன்று. நான் உடைத்தேன்.

சுருக்கம் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், வக்கீலும் தடை சொல்ல மாட்டார். ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு வாசகம் வந்துவிடுகிறது. ‘முரண்பட்டால் முழு விதியே செல்லும்’ என்று அடியில் சேர்த்தால், வாங்கியவர் படித்தது செல்லாது, படிக்காதது செல்லும். சேர்க்காவிட்டால் கடைக்குத்தான் வம்பு: இரு பொருள் தரும் வாசகத்தை எழுதியவருக்கு எதிராகப் படிப்பது நீதிமன்றங்களில் பழைய வழக்கம். அப்புறம் வாரண்டி காலத்தை மாற்றும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும்.

பழைய விதி இது:

“வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது 500 மணி நேர ஓட்டம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, முதல் சர்வீஸ் எங்களிடம் செய்யப்பட்டிருக்கும் பட்சத்தில், நன்னீரில் கழுவாததால் வரும் அரிப்பு, கூலிங் அடைப்பு நீங்கலாக, தயாரிப்புக் குறையுள்ள பாகங்கள் இலவசமாக மாற்றித் தரப்படும்.”

உடைக்கும்போது இரண்டு இடத்தில் கை தடுக்கும். முதலாவது, நிபந்தனை. ‘முதல் சர்வீஸை எங்களிடம் செய்ய வேண்டும்’ என்று தனியாக எழுதினால் அது வெறும் அறிவுரை. செய்யாவிட்டால் என்ன என்பது காணாமல் போய்விடும். இரண்டாவது, கூலிங் அடைப்பு, அதாவது மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் வழி அடைபடுவது. உப்பு படிந்து அடைத்தால் மட்டும் வாரண்டி இல்லையா, பிளாஸ்டிக் பை மாட்டி அடைத்தாலுமா? நீண்ட வாக்கியத்தில் இந்தக் கேள்வி மறைந்தே கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். ‘கழுவாம விட்டதுக்கு மட்டும்தாங்க’ என்றார். ஆக:

“வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் வாரண்டி. அதற்குள் மோட்டார் 500 மணி நேரம் ஓடிவிட்டால், அன்றோடு முடியும். இந்தக் காலத்தில் தயாரிப்புக் குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவோம். முதல் சர்வீஸை எங்களிடம் செய்யாவிட்டால் இந்த வாரண்டி கிடையாது. நன்னீரில் கழுவாததால் அரிப்பு வந்தாலும், கழுவாததால் கூலிங் அடைத்தாலும், அதற்கு வாரண்டி கிடையாது.”

சொற்கள் குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தன. வாக்கியங்கள்தான் குறுகின. சரி பார்க்க, படகுக்காரர் ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து, ‘பத்தாவது மாசம், 520 மணி ஓடியாச்சு, பாகம் கிடைக்குமாண்ணே?’ என்று கேட்டேன். ‘கிடைக்காது, மணி தாண்டிருச்சே’ என்றார். ‘12 மாத வாரண்டி’ என்று மட்டும் சொல்லும் மேல்சுருக்கத்தைப் படித்திருந்தால் கிடைக்கும் என்றிருப்பார்.

படகு இன்சூரன்ஸ், கடன் பத்திரங்களில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே வாசகம் கம்பெனியிலிருந்து அச்சடித்தே வரும். கடைக்காரர் கை வைக்க முடியாது. அந்த இடத்தில் சுருக்கம்தான் வழி, காலக்கெடுவையும் விலக்குகளையும் அதில் விடாமல் சேர்த்தால்.