கேன்டீன்ல ஃபேர்வெல் சாப்பாடு சொல்றீங்களா? வெஜ் பிரியாணில உஷார்

போன மாசக் கடைசில எங்க ஆபீஸ்ல ஒரு சாருக்கு ரிட்டையர்மென்ட். மனுஷன் சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டார். மொத்தம் 60 பேர், தலைக்கு 160 ரூபாதான் தேறுச்சு. சைவம் 22, மத்தவங்க எல்லாரும் சிக்கன் பிரியாணி இல்லாம ஒரு ஃபேர்வெல்லான்னு கேக்குற ஆளுங்க. சரின்னு சிக்கன் பிரியாணி, வெஜ் பிரியாணி, வெங்காயப் பச்சடி, தயிர் சாதம், சேமியா பாயசம்னு கேன்டீன் கான்ட்ராக்டர்கிட்ட பேசி முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்துட்டேன், அதுதான் முதல் முட்டாள்தனம்.

அரிசி 5 கிலோ, சிக்கன் 5 கிலோ, ஒண்ணுக்கு ஒண்ணு, வெஜ்ஜுக்கு தனியா 3 கிலோ அரிசின்னு பேச்சு. 11 மணிக்கு கிச்சன எட்டிப் பாத்தப்போ மூடி மேல கங்கு போட்டு ஒரே ஒரு அண்டாதான் தம்ல இருந்துச்சு. பெரிய அண்டா ஏத்துற அடுப்பே அங்க ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும், ஆனாலும் வெஜ் எங்கன்னு கேக்கத் தோணல பாருங்க.

சாப்பாட்டுக்கு நடுவுல சார் வாயிலேர்ந்து எதையோ எடுத்து இலை ஓரமா வச்சார். சின்ன எலும்புத் துண்டு. அப்புறம் ஒண்ணுமே பேசல, கைய கழுவிட்டு வந்து உக்காந்துட்டார். எனக்கு செத்துடலாம் போல இருந்துச்சு.

போய் கேட்டா அந்தாளு கூசாம "குஸ்காதானே சார், பீஸ் இல்லாமத்தானே எடுத்து வச்சேன்"ங்கறான்! 8 கிலோ அரிசியையும் சிக்கனோட ஒரே அண்டால போட்டு, பீஸ் படாம ஒதுக்கி எடுத்து, மேல வேகவச்ச கேரட் பீன்ஸ தூவிட்டான். அப்புறம் பாத்தாதான் புரியுது, அரிசியோட சேர்ந்து வெந்த காய்ல மசாலா ஏறி கலர் மாறியிருக்கும், ஓரம் கொழஞ்சிருக்கும், இதுல கேரட்ட ஒடச்சா உள்ள பச்சையா தண்ணி வாசனை.

தயிர் சாதமாவது சாப்பிடுவார்னு பாத்தா அதுவும் புளிப்பு. காலைலயே முழுக்க தயிர ஊத்தி பெசஞ்சிருக்கான். மதியத்துக்குன்னா பால்தான் நெறைய ஊத்தி கொஞ்சமா தயிர் விடணும், பந்தி நேரத்துக்கு அதுவே சரியா உறைஞ்சு நிக்கும்.

சண்டை போட்டதுல 1,500 ரூபா திரும்ப வந்துச்சு, அத வச்சு என்ன பண்ண.

ஒரு அடுப்பு கிச்சன்ல ரெண்டு பிரியாணி சொல்லாதீங்க. கறி அண்டாலேர்ந்து அள்ளவே முடியாத ஐட்டமா சைவத்துக்கு சொல்லுங்க, சாம்பார் சாதம், புளியோதரை மாதிரி. அடுத்த மாசம் எங்க அக்கவுன்ட்ஸ் மேடம் ரிட்டையர் ஆகுறாங்க, இந்த தடவ கேன்டீன்ல எல்லாருக்கும் சாம்பார் சாதம், உருளை வறுவல், சிக்கன் வறுவல் மட்டும் வெளியிலேர்ந்து. பாதிப் பணம் பந்தி முடிஞ்சப்புறம்தான்.