உச்சி வெயில் நிழலும் darktable மாஸ்க்கும்: நீண்ட காலப் பயனரின் பதில்

சேலத்தில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் ஒருவர், சந்தா கட்டி வாங்கும் படத் திருத்த மென்பொருளை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் darktable பக்கம் வந்துவிடலாமா என்று கேட்டிருந்தார். அதில் நான் அதிகம் செய்வது ஒரே வேலைதான். நண்பகலில் எடுத்த முகத்தில் கண்குழியிலும் மூக்கின் கீழும் விழும் கறுப்பு நிழலைத் தணிப்பது. ஆகவே அந்த ஒன்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும், பன்னிரண்டேகால் மணியை ஒட்டி, சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. முகூர்த்தம் முடித்த குடும்பங்கள் ஏற்காடு ஏறி, படம் எடுக்க நிற்பதும் அந்த நேரத்தில்தான்.

ஏரிக்கரைப் புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் படத்தை எடுத்துக்கொள்வோம். அவர் நெற்றியும் மூக்குத் தண்டும் வெயிலில் பளிச்சிட, கண்குழி ஏறத்தாழ மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சமாக, இருண்டிருந்தது. ரா கோப்பாக எடுத்திருந்ததால் நிழலுக்குள் விவரம் இருந்தது. நெற்றி வெளுத்துவிடாத அளவில் முழுப் படத்தின் வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, exposure பகுதியை இரண்டாம் முறை திறந்து, +0.8 EV, அதாவது 0.8 ஸ்டாப் வைத்து, அந்த ஏற்றம் நிழலில் மட்டும் விழும்படி பிரஷ்ஷால் இரு கண்குழிகளிலும் மூக்கின் கீழும் மாஸ்க் வரைந்தேன். மூன்று ஸ்டாப்பையும் மீட்க முயல்வது வீண். பாதிக்குமேல் போனால் முகம் தட்டையாகி, மூக்கின் அடிப்பகுதி கன்னத்தைவிட வெளிச்சமாகத் தெரியும், பார்க்கிறவருக்குக் காரணம் புரியாமலேயே ஏதோ உறுத்தும். அதைவிட மூன்றாவதாக ஒரு exposure திறந்து நெற்றியையும் மூக்குத் தண்டையும் −0.3 EV இறக்கினால், நிழலை அவ்வளவு ஏற்றத் தேவையே இருக்காது.

நான் இந்த மென்பொருளை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதற்கடுத்த படிதான். உச்சி வெயிலில் மூக்கு நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். வரைந்த மாஸ்க் அதைத் தாண்டினால் மேலுதட்டைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் வரும். தாண்டாமல் நின்றால் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். feathering radius அளவை மெல்ல ஏற்றும்போது, மாஸ்க் தானாகவே நிழலின் உண்மையான ஓரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. மாஸ்க்கை மஞ்சளாகக் காட்டும் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது, எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கண்குழியின் ஓரம் மென்மையானது. அங்கே இவ்வளவு இறுக்கம் வேண்டாம், சற்றே blurring radius போதும்.

நிழலை ஏற்றியதும் அதன் நிறமும் வெளியே வரும். மூக்கின் அடிப்பகுதி வானத்தைப் பார்ப்பதில்லை, தரையையே பார்க்கிறது. புல்வெளியில் உட்கார்ந்தவருக்கு அங்கே பச்சையும், செம்மண்ணில் நிற்பவருக்குச் சிவப்பும் ஏறியிருக்கும். இந்தப் படத்தில் மேலுதடு பச்சை பாய்ந்து நோயாளிபோல் தெரிந்தது. அதே மாஸ்க்கை raster mask வழியாக color balance rgb பகுதிக்குக் கொண்டுபோய், மெஜந்தா பக்கம் மிகச் சிறிதளவு நகர்த்தியதும் தோல் தோலாகிவிட்டது. மாஸ்க்கை மறுபடி வரைய வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

இனி என் கோபம். நான் பயன்படுத்தும் பதிப்பில் பிரஷ்ஷுக்கு அழிப்பான் இல்லை. கோடுகள் புள்ளிகளால் ஆன வடிவங்களாகச் சேமிக்கப்படுவதால், மை தீட்டிய இமையோரமும் புருவமும் மாஸ்க்குக்குள் மாட்டிக்கொண்டால், அந்தத் துண்டை மட்டும் துடைத்தெடுக்க வழியில்லை. வேறொரு வடிவம் வரைந்து, mask manager பகுதியில் அதைக் கழித்தலாக மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் எது எந்தக் கோடு என்று தேடுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. இமையை மாஸ்க்குக்குள்ளேயே விட்டுவிட்டாலோ மை சாம்பல் நிறமாகிப் படம் கெட்டுவிடும், ஆகவே தவிர்க்கவும் முடியாது. வடிவமாகச் சேமிப்பதால்தான் எப்போது வேண்டுமானாலும் திருத்த முடிகிறது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த நியாயம், இருபது முகங்கள் கொண்ட குடும்பப் படத்தின் முன் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு ஏறாது.

எந்த மென்பொருளாலும் முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். புருவ நிழலுக்குள் இருக்கும் விழியில் ஒளிப்புள்ளி இராது. எவ்வளவு ஏற்றினாலும் கண் வெளுக்குமே தவிர உயிர் பெறாது. படம் எடுக்கும்போதே மார்பளவில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புள்ளியும் வரும், மேலே சொன்ன வேலையில் பாதியும் மிச்சமாகும்.

ஓரம் ஒட்டும் அழகில் இதற்கு இணையாக நான் வேறொன்றைக் கையாண்டதில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வர வேண்டாம் என்பதே. அவருக்கு ஆல்பம் ஒப்படைக்கும் தேதி இருக்கிறது. ஓய்வாக ஒரு முகத்தை எடுத்து உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு அது இல்லை. சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்கட்டும், தெர்மாகோல் அட்டையை மட்டும் இந்த வாரமே வாங்கட்டும்.