பூசணம் பிடித்த தோல் பையும் பாளையங்கோட்டை அண்ணாச்சியும்

அம்மா வீட்டு பீரோவில் விட்டுப்போன என் தோல் கைப்பை, ஐப்பசி கார்த்திகை அடைமழை முழுக்க பாலித்தீன் கவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்து பிரித்தால் குப்பென்று மக்கல் வாடை. கைப்பிடித் தையல் ஓரமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாகப் பூசணம்.

முதலில் போன கடையில், பாலிஷ் போட்டு ஒரு மணி நேரத்தில் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாளையங்கோட்டையில் ரோட்டோரம் செருப்பு, பை தைக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே, "பூசணத்துக்கு மேல பாலிஷ் போட்டா உள்ளயே இருந்து திரும்ப வரும்மா. தேங்காண்ணெயும் தடவிராதீங்க, அத தின்னே வளரும்" என்றார்.

அவர் செய்த வரிசைதான் முக்கியம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மற்ற செருப்புகளிலிருந்து தள்ளிப் போய், உலர்ந்த பழைய டூத் பிரஷால் பொடியைத் தட்டினார். ஈரத்துணியால் முதலிலேயே துடைத்தால் பொடி தையலுக்குள் இறங்கிவிடுமாம். அப்புறம் மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மூடிக்கு உள்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தார். துணியில் லேசாகப் பழுப்பு ஒட்டியது. ஸ்பிரிட் சாயத்தையும் எடுத்துவிடும் என்பதால் இன்னும் தண்ணீர் சேர்த்து, மொத்தப் பையையும் அழுத்தாமல் துடைத்தார். உள் துணியை வெளியே இழுத்து, மூலைத் தூசியைத் தட்டி, அதையும் துடைத்தார். வாடை பெரும்பாலும் அங்கேதான் தங்குகிறது.

வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்று சொல்லி, ஃபேனுக்கு அடியில் திறந்தே வைக்கச் சொன்னார். நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகுதான் தோல் கிரீம் கொஞ்சமாகத் தடவினார். முந்நூறு ரூபாய் கேட்டார். இவ்வளவு பொறுமைக்கு அது குறைவு.

கைப்பிடியில் இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் போகவில்லை. பூசணம் செத்தாலும் தோலுக்குள் இறங்கிய கறை நிற்கும். சாயம் ஏற்றி மறைக்கத்தான் முடியும். நான் வேண்டாம் என்றுவிட்டேன். மெத்தென்று ரோமம் போலிருக்கும் ஸ்வேட் தோலுக்கு இந்த ஈர வைத்தியம் ஆகாது, பிரஷ் மட்டும்தான் என்றும் சொன்னார்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணமும் இல்லை. சில தோலில் உள்ளிருக்கும் கொழுப்பே மெழுகு மாதிரி வெளியே பூக்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் அது உருகி மறைந்துவிடும். பூசணம் மறையாது, மக்கல் வாடையும் காட்டிக்கொடுக்கும்.

இப்போது பை பழைய பருத்தித் தலையணை உறைக்குள் இருக்கிறது. உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போட்டிருக்கிறேன். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். மழைக் காலத்தில் வெயில் அடிக்கிற நாளில் பீரோவைத் திறந்து காற்றாட விடுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.