ஆறாம் தேதி கொடுத்த நோட்டீஸ்: துரைப்பாக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் 2 வருடம் 3 மாதம்

தோழி ஒருத்தியின் தங்கைக்கு ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்திருக்கிறது. நான் இருந்த ஹாஸ்டலில் சேரலாமா என்று கேட்டாள். போனில் சொல்லத் தொடங்கினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

மூணு ஷேரிங், சாப்பாட்டோடு மாதம் 8,500. அட்வான்ஸ் 10,000, அதில் காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று 1,500 பிடிப்பார்கள். இதைச் சேரும்போதே சொல்லிவிட்டார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. சொல்லாமல் விட்டது ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது: "காலி செய்வதை 5-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும்." ஒரு மாத நோட்டீஸ் என்றால் 30 நாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபர் 6-ஆம் தேதி சொன்னேன். "அஞ்சு தாண்டிடுச்சும்மா, இது அடுத்த மாசக் கணக்குதான்" என்றார் வார்டன். அதாவது நவம்பர் 1-லிருந்துதான் என் நோட்டீஸ் ஓடும், நவம்பர் 30 வரை வாடகை கட்ட வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் 30 நாள் நோட்டீஸ் 55 நாள் ஆகிவிட்டது. நவம்பர் 5 வரை இருந்து அந்த ஐந்து நாளுக்குத் தனியாகத் தருகிறேன் என்றேன். நாள் கணக்கெல்லாம் கிடையாதாம். நான் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தபோது மட்டும் நாள் கணக்கு போட்டு வாங்கினார்கள்!

சரி என்று அக்டோபர் 31 அன்று கிளம்பினேன். 10,000-இல் மெயின்டனன்ஸ் 1,500, நவம்பர் வாடகை 8,500. கைக்கு வந்தது பூஜ்யம்.

ரூம்மேட் மூலம் தெரிந்தது, நவம்பர் 3 அன்றே என் கட்டிலில் புதுப் பெண் வந்துவிட்டாள். கட்டில் காலியாகக் கிடந்தது இரண்டே நாள். வக்கீலாக இருக்கும் சித்தி மகளிடம் ரசீதைக் காட்டினேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவுப்படி, மீறினால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான ஈட்டைத்தான் கேட்க முடியும், முழுவதையும் அப்படியே அமுக்கிக்கொள்ள முடியாது என்றாள். கட்டில் மாதம் முழுக்கக் காலியாக இருந்திருந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்திருக்கும் என்றும் சொன்னாள். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஓனருக்கு வாட்ஸ்அப்பில் கணக்கெழுதி அனுப்பினேன். 8,500-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 283 ரூபாய் சொச்சம். நோட்டீஸில் குறைந்த ஐந்து நாளுக்கு 1,417-ஐயும் மெயின்டனன்ஸையும் எடுத்துக்கொண்டு மீதி 7,083 தாருங்கள் என்றேன். நான்கு நாள் நீல டிக் மட்டும். அப்புறம் "பழகின பொண்ணு" என்று சொல்லி 4,000 அனுப்பினார். பிச்சை போட்ட மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

கிளம்பிய அன்று அப்பா வந்திருந்தார். ஆண்களுக்கு மாடிக்கு அனுமதி இல்லை. செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் டிரங்குப் பெட்டியைப் படிப்படியாக இடித்து இறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விதி மீது கோபமில்லை. அதே விதி இருந்ததால்தான் அம்மா இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினார். அம்மா வந்தால் இரவுக்கு 300 ரூபாய், சாப்பாடு உண்டு, இரண்டு இரவுக்கு மேல் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போனாலும் ஒரு ரூபாய் கழிக்க மாட்டார்கள், அது உண்மை. இரவு 9.30-க்குச் சமையலறை மூடிவிடும். ஆனால் செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் காலையிலேயே பெயர் எழுதிய டப்பாவை வைத்துவிட்டுப் போகலாம். சமையல் அக்கா என் டப்பாவில் சாதத்துக்கு மேல் அப்பளத்தை வைக்க மாட்டார், நமுத்துவிடும் என்று தனியாகக் காகிதத்தில் சுற்றி மூடி மேல் வைப்பார். இரவு 12 மணிக்கு வந்து, ஆறிப்போன வத்தக்குழம்போடு அந்த அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது இருக்கும் ஃபிளாட்டில் அந்த நேரத்துக்குப் பிரெட்தான்.

அதனால் தங்கையைச் சேரச் சொல். பணம் கொடுக்கும் முன் ரசீதைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். காலி செய்யும்போது 1-ஆம் தேதியே வாட்ஸ்அப்பில் தேதி போட்டு எழுதி, வார்டனிடம் "ஓகே" என்று பதில் வாங்கிவிட வேண்டும். "வாயால சொன்னா போதும்மா" என்பார், நம்ப வேண்டாம். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிக்கவும் விட மாட்டார்கள். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்.