விஎக்ஸ்லேன்: விடெப் பட்டியலைக் கையால் எழுதுவதா, பிஜிபியிடம் விடுவதா?

தஞ்சாவூரில் நாங்கள் நடத்தும் சிறிய டேட்டா சென்டரில் ஆறு ரேக். ஒவ்வொன்றின் தலையிலும் லினக்ஸ் ஓடும் ஒரு ஸ்விட்ச், மேலே இரண்டு ஸ்பைன் ஸ்விட்ச். நடுவில் உள்ள இணைப்புகள் எல்லாம் ரூட் செய்யப்பட்டவை, லேயர் டூ எங்கும் நீளாது. கும்பகோணத்தில் ஏழாவதாக ஒரு ரேக் இருக்கிறது. அது வாடகை லைனில் வருகிறது, அதுவும் ரூட் செய்யப்பட்டதுதான். நெல் அரவை ஆலைகளின் கணக்கு மென்பொருள்கள்தான் எங்களிடம் அதிகம். ஒரு விஎம்-ஐ ஒரு ரேக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டத்திலேயே நகர்த்தினால் அதன் ஐபி மாறக்கூடாது. அதற்காகத்தான் விஎக்ஸ்லேன்.

விஎக்ஸ்லேன் செய்யும் வேலை எளிது. ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே யுடிபி பொட்டலத்துக்குள் வைத்து, 4789 போர்ட்டுக்கு, எதிர் ரேக்கின் ஐபிக்கு அனுப்பிவிடும். பொதி கட்டுவதும் பிரிப்பதும் ஒவ்வொரு ரேக்கின் ஸ்விட்சிலும் இருக்கும் விடெப்பின் வேலை. எந்த மேக் முகவரி எந்த விடெப்புக்குப் பின்னால் இருக்கிறது, பிராட்காஸ்டையும் யாருக்கென்று தெரியாத ஃபிரேமையும் யார் யாருக்கு அனுப்புவது என்ற இரண்டு கேள்விகள்தான் சிக்கல். இவற்றுக்கு மூன்று வழிகளில் பதில் சொல்லலாம். மூன்றையும் ஒரே அளவில் எடைபோட மாட்டேன், எங்களுக்கு அவை ஒரே எடை இல்லை.

முதல் வழி மல்டிகாஸ்ட். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7348 விவரித்த வழி இதுதான். விஎக்ஸ்லேன் பிரித்துத் தரும் தனித்தனி நெட்வொர்க்கான ஒவ்வொரு செக்மென்டுக்கும் ஒரு மல்டிகாஸ்ட் குழு. பிராட்காஸ்ட் வந்தால் விடெப் ஒரே ஒரு பொட்டலத்தை அனுப்பும், பாதை பிரியும் இடத்தில் ஸ்பைன் அதைப் படியெடுக்கும். கல்லணையில் ஆறு பிரிவதுபோலத்தான், ஆனால் அங்கே தண்ணீர் பங்காகும், இங்கே முழுப் பொட்டலமே ஒவ்வொரு கிளைக்கும் போகும். இருநூறு விடெப் இருக்கும் இடத்தில் இது பெரிய மிச்சம். ஆனால் ரூட்டர் எல்லாவற்றிலும் மல்டிகாஸ்டுக்கு வழி காட்டும் பிஐஎம் ஓட வேண்டும். எங்கள் வாடகை லைன் மல்டிகாஸ்டைக் கடத்தாது. அதோடு இந்த வழி எங்களுக்கு முடிந்துவிட்டது.

இரண்டாவது, பட்டியலைக் கையால் எழுதுவது. ஒவ்வொரு விடெப்பிலும், மற்ற ஆறுக்கும் இப்படி ஒரு வரி:

```
bridge fdb append 00:00:00:00:00:00 dev vxlan120 dst 10.9.0.5
```

பூஜ்ய மேக் என்றால் 'யாரென்று தெரியாதவை எல்லாம்' என்று பொருள். பிராட்காஸ்ட் வந்தால் அனுப்பும் ரேக்கே ஆறு பிரதி எடுத்து அனுப்பும். ஏழு விடெப் அளவில் அந்தப் பிரதிகள் ஒரு சுமையே இல்லை. பிறகு வரும் பொட்டலங்களின் வெளி ஐபியைப் பார்த்து, எந்த மேக் எங்கே என்று விடெப் தானாகக் கற்றுக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு வருடம் இதில்தான் ஓட்டினோம். புரியாத பாகம் எதுவும் இல்லை என்பது இதன் உண்மையான பலம்.

பலவீனம் ஒரு குறுவை அறுவடைச் சமயத்தில் தெரிந்தது. முதல் ரேக்கில் மின்விசிறி கோளாறு. அதிலிருந்த பில்லிங் விஎம்-ஐ ஐந்தாவது ரேக்குக்கு நகர்த்தினோம். தஞ்சாவூரில் எல்லாம் சரி. கால் மணி நேரத்தில் கும்பகோணத்துத் தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, பில்லிங் திறக்கல. பிங் கூட போகல. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

"மத்ததுன்னா, எந்த ரேக்குல இருக்கறது?"

"ரெண்டுல இருக்கற சர்வர் வருது. மூணுலயும் வருது."

அடியில் உள்ள ரூட் செய்யப்பட்ட நெட்வொர்க்கான அண்டர்லேயில், ஐந்தாவது ரேக்கின் 10.9.0.5-க்கு பிங் அடிக்கச் சொன்னேன். போனது. ரூட்டிங்கில் பழுதில்லை, ஐந்தாவது ரேக்கும் கும்பகோணமும் அதன்மேல் விஎக்ஸ்லேன் கட்டிய ஓவர்லேயில் மட்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் இதை ஓட்டினோம்:

```
bridge fdb show dev vxlan120 | grep 00:00:00:00:00:00
```

ஆறு வரி வர வேண்டிய இடத்தில் இரண்டிலும் ஐந்து. கும்பகோணம் ரேக்கைச் சேர்த்த நாளில் ஐந்தாவது ரேக் பழுதுக்காக அணைந்திருந்தது. அதன் வரியை ஸ்கிரிப்டில் தற்காலிகமாக நீக்கியவர்கள் நாங்கள்தான், திருப்பிச் சேர்க்கவில்லை. கும்பகோணத்திலிருந்து யாரும் ஐந்தாவது ரேக்கைத் தேடாததால் மாதக்கணக்கில் வெளிப்படவில்லை.

நகர்ந்த விஎம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று போட்ட பிராட்காஸ்ட் கும்பகோணத்துக்குப் போகவில்லை. அங்கே பழைய மேக் பதிவு முதல் ரேக்கையே காட்டியது. முதல் ரேக் அந்த ஃபிரேமைப் பிரித்துப் பார்க்கும், அந்த மேக் இப்போது விஎக்ஸ்லேன் போர்ட்டுக்கு அப்பால் இருப்பது தெரியும், ஆனால் வந்த போர்ட்டிலேயே திருப்பி அனுப்பாமல் போட்டுவிடும். இந்த ஐபிக்கு எந்த மேக் என்று கேட்கும் ஆர்ப் கேள்வியும் ஐந்தாவது ரேக்கை எட்டாது. ஒரு பக்கம் மட்டும் வரி விடுபட்டிருந்தால், சிறிது நேரம் நின்று, ஆர்ப் புதுப்பிக்கும்போது தானே சரியாகிவிடும். அது இன்னும் மோசம், காரணம் கையில் சிக்காது. இரண்டு பக்கமும் போனால் தானாகச் சரியாகாது.

ஏழு விடெப்புக்கு ஆறு ஆறாக ஒரு செக்மென்டுக்கு 42 வரி. எங்களிடம் ஐந்து செக்மென்ட், ஆகவே 210 வரி. அதில் இரண்டு விடுபட்டால் எந்தக் கருவியும் சத்தம் போடாது.

மூன்றாவது வழி இவிபிஎன். ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபியே மேக் தகவலையும் சுமக்கும். ஸ்பைன் இரண்டும் ஒரு ரேக் சொன்னதை மற்ற ரேக்குகளுக்குக் கடத்தும் ரூட் ரிஃப்ளெக்டர், ஒவ்வொரு ரேக்கும் அவற்றோடு மட்டும் பேசும். லினக்ஸில் பிஜிபியை ஓட்டும் எஃப்ஆர்ஆரில் முக்கியமான பகுதி இவ்வளவுதான்:

```
address-family l2vpn evpn
 neighbor 10.9.1.1 activate
 advertise-all-vni
```

எந்தச் செக்மென்டில் தான் இருக்கிறது என்று ஒவ்வொரு விடெப்பும் டைப் 3 ரூட்டாக அறிவிக்கும், பிராட்காஸ்ட் பட்டியல் அதிலிருந்து தானே உருவாகும். அணைந்திருந்த ரேக் எழுந்தால் பட்டியலும் எழும். மேக் முகவரிகள் டைப் 2 ரூட்டாக வரும். விஎம் நகர்ந்தால் புது ரேக் அதே மேக்கை ஒன்று கூடிய வரிசை எண்ணோடு அறிவிக்கும், பழைய ரேக் தன் அறிவிப்பைத் திரும்பப் பெறும். அன்றைய பழுது இதில் நடந்திருக்க வழியே இல்லை.

குறைகளும் உண்டு. விஎக்ஸ்லேன் இடைமுகத்தில் `nolearning` போட மறந்தால் கர்னல் கற்றதும் பிஜிபி சொன்னதும் மோதும். ஒரு விஎம்-ஐ நகலெடுத்து மேக்கை மாற்றாமல் விட்டால், இரண்டு ரேக்கும் மாறி மாறி அதே மேக்கை அறிவிக்கும். 180 விநாடிக்குள் ஐந்து முறை இடம் மாறினால் இரட்டை மேக் என்று முடிவுசெய்யும் விதி இருக்கிறது, ஆனால் எஃப்ஆர்ஆர் அப்படியே விட்டால் எச்சரிக்கை மட்டும் எழுதும், அந்த லாகைப் பார்க்க ஒருவர் வேண்டும். பிஜிபி தெரியாதவர் இரவுப் பணியில் இருந்தால் கைப்பட்டியல் அவருக்குச் சுலபமாகவே இருக்கும். இரண்டு மூன்று விடெப், நகராத சர்வர்கள் என்றால் நானும் கைப்பட்டியலையே போடுவேன். ஐந்தைத் தாண்டினாலோ, விஎம் நகரும் என்றாலோ இவிபிஎன்தான்.

எந்த வழியும் தீர்க்காத ஒன்று எம்டியு, அதாவது ஒரு லைன் எடுக்கும் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு. விஎக்ஸ்லேன் 50 பைட் கூட்டும், 1500 பைட் பொட்டலம் வெளியே 1550 ஆகும். தஞ்சாவூருக்குள் 9000 வைத்துவிட்டோம். கும்பகோணம் லைன் 1500 மட்டுமே எடுத்தது. பிங் போகும், லாகின் பக்கம் வரும், பெரிய பட்டியலைத் திறந்தால் தொங்கும். பெரிய பொட்டலம் காணாமல் போகும், லேயர் டூ என்பதால் 'பெரிதாக இருக்கிறது' என்ற செய்தி விஎம்-க்குத் திரும்பி வராது. கும்பகோணத்திலிருந்து சோதிக்க:

```
ping -M do -s 1522 10.9.0.1
```

1522-உடன் 28 சேர்ந்தால் 1550. இது போகவில்லை என்றால் லைனை உயர்த்தித் தரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தச் செக்மென்டில் உள்ள எல்லா இயந்திரத்திலும் எம்டியு 1450 ஆக வேண்டும். கும்பகோணத்தில் மட்டும் குறைத்தால் டிசிபி பிழைக்கும், இணைப்பு தொடங்கும்போதே அளவைச் சொல்லிவிடுவதால். தஞ்சாவூரிலிருந்து வரும் பெரிய யுடிபி பொட்டலங்கள் அப்போதும் விழும். எங்களுக்கு லைனை 1600 ஆக்கிக் கொடுத்தார்கள். இவிபிஎன்னுக்கு மாறிய இரவில் முதலில் ஓட்டியது இந்த பிங்கைத்தான், பிஜிபியை அதற்குப் பிறகே தொட்டோம்.